சிடிஎன் போட்டும் வெப்சைட் படுத்தது ஏன்? பழைய டிஎன்எஸ் பதிவு செய்யும் வேலை

ஓசூரில் பாகலூர் சாலையில் என் மாமாவுக்கு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. பசுமைக்குடிலில் வளரும் பூக்களும், நர்சரிச் செடிகளும் விற்பனைக்கு. பெங்களூரு, சென்னை வியாபாரிகள் ஆர்டர் கொடுப்பதற்காக ஒரு சிறிய வெப்சைட் வைத்திருக்கிறார். அதைச் செய்து கொடுத்தது நான். ஓசூர் ரோஜாவுக்கு வருடத்தில் முக்கியமான வாரம் பிப்ரவரி முதல் வாரம். காதலர் தினத்துக்கான ஆர்டர்கள் அப்போதுதான் குவியும். சென்ற ஆண்டு சரியாக அந்த வாரத்தில் வெப்சைட் நின்று போனது. ஒரு முறை அல்ல, ஐந்து நாட்களில் மூன்று முறை.

முதல் முறை நின்றபோது சிடிஎன் என்னும் பாதுகாப்பைப் போட்டேன். இரண்டு நாளில் மறுபடியும் நின்றது. "என்னப்பா, பூட்டு வாங்கிப் போட்டாச்சுன்னு சொன்னே, திருடன் திரும்பவும் வந்துட்டானே?" என்று மாமா கேட்டார். பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் பின்வாசலின் முகவரி ஊருக்கே தெரிந்திருந்தது. அது எப்படித் தெரிந்தது, எப்படிச் சரி செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். உங்கள் கடைக்கோ, சங்கத்துக்கோ ஒரு வெப்சைட் வைத்திருக்கிறீர்கள் என்றால், இதில் உள்ள சோதனைகளை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் இரண்டு விஷயங்கள்

இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஐபி முகவரி என்ற எண் உண்டு. மாமாவின் சர்வருக்கு 203.0.113.25 என்று வைத்துக் கொள்வோம். (இந்தக் கட்டுரையில் வரும் எண்களும் example.com என்ற பெயரும் பாடங்களில் பயன்படுத்துவதற்காகவே ஒதுக்கப்பட்டவை. அந்த இடங்களில் உங்களுடையதைப் போட்டுக் கொள்ளுங்கள்.) நாம் ப்ரௌசரில் டைப் செய்வது பெயரைத்தான். அந்தப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டெலிபோன் டைரக்டரி போன்ற அமைப்புதான் டிஎன்எஸ். அதில் பெயருக்கு நேராக எண்ணைச் சொல்லும் வரிக்கு 'ஏ ரெக்கார்ட்' என்று பெயர்.

இனி சிடிஎன். எங்கள் ஊரில் பூவை மண்டியில் இறக்கி விட்டால், வாங்குகிறவருக்கு மண்டியின் விலாசம்தான் தெரியும், தோட்டத்தின் விலாசம் தெரியாது. சிடிஎன் அந்த மண்டி மாதிரி. கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுவதும் சர்வர்களை வைத்துள்ளன. சென்னை, மும்பை, டெல்லியில் கிளவுட்ஃப்ளேர் 2015-ல் தன் மையங்களைத் திறந்தது. உங்கள் வெப்சைட்டை அதில் சேர்த்ததும், உங்கள் பெயருக்கு டிஎன்எஸ் சொல்லும் எண் கிளவுட்ஃப்ளேரின் எண்ணாக மாறிவிடும். பார்வையாளர் அங்கே வருவார். கிளவுட்ஃப்ளேர் உங்கள் உண்மையான சர்வரிடம் பக்கத்தை வாங்கி அவரிடம் கொடுக்கும். இந்த உண்மையான சர்வரைத்தான் ஆரிஜின் சர்வர் என்கிறார்கள்.

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களிலிருந்து குப்பை டேட்டாவை அனுப்பி ஒரு சர்வரை மூச்சுத் திணற வைப்பது டிடாஸ் தாக்குதல். இது கிளவுட்ஃப்ளேர் மேல் வந்தால் அது தாங்கிக் கொள்ளும். மாத வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வர் தாங்காது. ஆகவே இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: ஆரிஜின் சர்வரின் எண் வெளியே தெரியக்கூடாது.

நடந்தது இதுதான்

திங்கட்கிழமை காலை வெப்சைட் திறக்கவில்லை. சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனத்திடமிருந்து மெயில் வந்திருந்தது. உங்கள் எண்ணை நோக்கி அளவுக்கு மீறி டிராஃபிக் வருகிறது, மற்ற வாடிக்கையாளர்களைப் பாதிக்கிறது, எனவே அந்த எண்ணை 24 மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சிறிய சர்வர்களுக்கு இதுதான் வழக்கமான வைத்தியம்.

அன்று மாலையே கிளவுட்ஃப்ளேரில் இலவசக் கணக்குத் தொடங்கி வெப்சைட்டைச் சேர்த்தேன். சேர்க்கும்போது, ஏற்கெனவே இருக்கும் டிஎன்எஸ் ரெக்கார்டுகளை அதுவே தேடி எடுத்துப் பட்டியலில் போட்டுக் கொள்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு மேகப் படம் இருக்கும். ஆரஞ்சு மேகம் என்றால் Proxied, அதாவது மறைக்கப்பட்டது. சாம்பல் மேகம் என்றால் DNS only, அதாவது உண்மையான எண்ணையே ஊருக்குச் சொல்லும். முக்கியப் பெயரும் www என்று தொடங்கும் பெயரும் ஆரஞ்சில் இருந்தன. திருப்தியாகத் தூங்கப் போனேன்.

புதன்கிழமை மதியம் மறுபடியும் திறக்கவில்லை. இம்முறை ப்ரௌசரில் கிளவுட்ஃப்ளேரின் பக்கமே வந்து, Error 522 என்று காட்டியது. ஆரிஜின் சர்வரைக் கூப்பிட்டேன், நேரத்துக்குள் பதில் இல்லை என்று கிளவுட்ஃப்ளேர் சொல்வதுதான் 522. இது பழுதினாலும் வரலாம், தாக்குதலாலும் வரலாம். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இரண்டு படங்களை ஒப்பிட வேண்டும். கிளவுட்ஃப்ளேரின் Analytics பக்கத்தில் வழக்கமான கூட்டம்தான் தெரிந்தது. சர்வர் வாடகை நிறுவனத்தின் டிராஃபிக் படத்திலோ கோடு உச்சியில் முட்டி நின்றது. முன்வாசலில் கூட்டமே இல்லை, வீட்டுக்குள் நிற்க இடமில்லை. அப்படியானால் கூட்டம் வந்தது பின்வாசல் வழியாகத்தானே?

முதல் ஓட்டை: மெயிலுக்கான பெயர்

ஸ்டார்ட் மெனுவில் cmd என்று டைப் செய்து, கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோவைத் திறந்து கொள்ளுங்கள். பின்வரும் இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாக டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

```
nslookup example.com
nslookup mail.example.com
```

கிளவுட்ஃப்ளேர் பின்னால் உள்ள வெப்சைட் என்றால் முதல் வரிக்குப் பெரும்பாலும் 104 அல்லது 172 என்று தொடங்கும் எண்கள் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டாவது வரிக்கு வந்த பதில் 203.0.113.25. மறைத்துவிட்டதாக நான் நினைத்த அதே எண்!

காரணம் எளிது. சர்வரை முதலில் அமைத்தபோது வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் ஒரே சர்வரைத்தான் பயன்படுத்தினோம். ஆகவே mail, ftp, webmail, cpanel என்ற துணைப்பெயர்கள் எல்லாம் அதே எண்ணுக்குப் போயின. ஹோஸ்டிங் நிறுவனங்களின் கன்ட்ரோல் பேனல்கள் இவற்றைத் தாமாகவே உருவாக்கி விடுகின்றன. நாம் கேட்டிருக்கவே மாட்டோம். இதில் mail பெயரை மட்டும் ஆரஞ்சு மேகத்துக்கு மாற்றவும் முடியாது. கிளவுட்ஃப்ளேரின் சாதாரணச் சேவை வெப்சைட் டிராஃபிக்கை மட்டுமே தாண்டி விடும், மெயிலை விடாது. மாற்றினால் மெயில் நின்று போகும். அதனால்தான் அது சாம்பலில் இருந்தது. தாக்குகிறவருக்கு இந்த nslookup தெரியாமலா இருக்கும்?

அன்று மாலை மெயிலை வேறு ஒரு மெயில் சேவைக்கு மாற்றினேன். தேவையில்லாத துணைப்பெயர்களை நீக்கினேன். இப்போது எந்தப் பெயரைக் கேட்டாலும் 203.0.113.25 வரவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறையாக நின்றது.

நீக்கினால் போய்விடுமா?

இங்கேதான் என் தவறு. டிஎன்எஸ்ஸில் ஒரு ரெக்கார்டை மாற்றினால் பழையது சீக்கிரம் மறைந்துவிடும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் டிடிஎல் என்று ஒரு ஆயுள் உண்டு. சிபேனல் வழக்கமாகப் போடும் அளவு 14400 விநாடிகள், அதாவது நான்கு மணி நேரம். அதற்குப் பிறகு இன்டர்நெட் நிறுவனங்களின் டிஎன்எஸ் சர்வர்கள் பழைய பதிலை மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்கும்.

டிஎன்எஸ் மறந்துவிடும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைத்துக் கொண்டவர்கள் மறப்பதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ளோரியன் வைமர் 2005-ல் 'பாஸிவ் டிஎன்எஸ்' என்ற முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார. டிஎன்எஸ் சர்வர்களின் அருகில் ஒரு கருவியை வைத்து, எந்தப் பெயருக்கு எந்த எண் பதிலாக வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று சேமித்துக் கொண்டே போவதுதான் அது. வைரஸ் பரப்புகிறவர்கள் அடிக்கடி எண்ணை மாற்றித் தப்புவார்கள், அவர்களின் பழைய தடத்தைப் பிடிக்க இது உதவுகிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதே ஏட்டில் நம் தடமும் இருக்கிறது. இது தவிர, கோடிக்கணக்கான பெயர்களைத் தாமே கேட்டுக் கேட்டு வரலாறு சேர்க்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

நீங்களே பார்க்கலாம். ப்ரௌசரில் viewdns.info என்ற தளத்தைத் திறந்து, IP History என்ற பெட்டியில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுங்கள். இதுவரை அந்தப் பெயர் எந்தெந்த எண்களில் இருந்தது, அது எந்த நிறுவனத்துக்கு உரியது, கடைசியாக எப்போது காணப்பட்டது என்று ஒரு அட்டவணை வரும். மாமாவின் வெப்சைட்டுக்கு மேல் வரியில் கிளவுட்ஃப்ளேர், அதன் கீழ் வரியிலேயே 203.0.113.25. எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், பணமும் வேண்டாம், அரை நிமிட வேலை. எங்களைத் தாக்கியவர் இப்படித்தான் எடுத்தாரா, இல்லை திங்கட்கிழமைக்கு முன்பே குறித்து வைத்திருந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுதான். ஊருக்கெல்லாம் கொடுத்த பழைய விசிட்டிங் கார்டைத் திரும்ப வாங்க முடியாது.

இது என் அசட்டுத்தனம் மட்டும் அல்ல என்பது ஒரு சிறு ஆறுதல். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-ல் இதை அளந்து பார்த்தார்கள். இத்தகைய சேவைகளின் பின்னால் மறைந்திருந்த 17,877 வெப்சைட்டுகளைச் சோதித்ததில், 71.5 சதவீதம் உண்மையான எண்ணைக் காட்டிக் கொடுத்தன. துணைப்பெயர்களும் பழைய டிஎன்எஸ் வரலாறும் அதில் பெரும் பங்கு வகித்தன. பணம் கட்டிப் பாதுகாப்பு வாங்கியவர்களும் பழைய எண்ணை மாற்றாமலேயே இருந்திருக்கிறார்கள்.

வரிசை மாறக்கூடாது

ஆக, பழைய எண்ணைக் கைவிட்டுவிட்டுப் புதிய எண் வாங்குவதுதான் வழி. வாடகை நிறுவனத்திடம் கேட்டால் கொடுப்பார்கள், சிலர் சிறு கட்டணம் வாங்குவார்கள். ஆனால் அவசரப்பட்டுப் புதிய எண்ணை முதலில் வாங்கிப் போட்டீர்கள் என்றால் அதுவும் அதே ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். முதலில் ஓட்டைகளை அடைக்க வேண்டும்.

மெயிலும் துணைப்பெயர்களும் ஏற்கெனவே முடிந்தன. அடுத்து டிஎக்ஸ்டி ரெக்கார்டைப் பார்த்தேன்.

```
nslookup -type=TXT example.com
```

இதில் எஸ்பிஎஃப் என்ற ஒரு வரி வரும். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் இவை என்று அறிவிக்கும் வரி அது. எங்களுடையதில் `v=spf1 a mx ip4:203.0.113.25 ~all` என்று இருந்தது. எண்ணை நானே எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்! புதிய எண் வாங்கியதும் வழக்கம்போல இதையும் மாற்றியிருந்தால், மறைத்த கையாலேயே அறிவித்திருப்பேன். அந்த வரியை நீக்கிவிட்டு, புதிய மெயில் சேவை சொன்ன வரியைப் போட்டேன்.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: 'தொடர்பு கொள்ள' ஃபாரம். வாடிக்கையாளர் அதில் எழுதினால், உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது என்று அவருக்கு ஒரு மெயில் போகும். அந்த மெயிலை வெப்சைட் சர்வரே நேரடியாக அனுப்பினால், மெயிலின் தலைப்பகுதியில் சர்வரின் எண் இருக்கும். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Show original கிளிக் செய்யுங்கள். Received: என்று தொடங்கும் வரிகளில் தேடுங்கள். எங்கள் தோட்டத்துக்கு ஒரு போலி ஆர்டர் கொடுத்தாலே எண் கிடைத்துவிடும் என்ற நிலை இருந்தது. ஃபாரம் மெயில்களை மெயில் சேவை வழியாக அனுப்பும்படி மாற்றி, எனக்கே ஒன்று அனுப்பி, தலைப்பகுதியில் எண் இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனேன்.

இதற்குப் பிறகே புதிய எண். 198.51.100.40 என்று வைத்துக் கொள்வோம். கிளவுட்ஃப்ளேரின் டிஎன்எஸ் பக்கத்தில் முக்கியப் பெயருக்கும் www-க்கும் பழைய எண்ணை அழித்துப் புதியதைப் போட்டேன். மேகம் ஆரஞ்சில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக் கொண்டு சேவ் செய்தேன். இப்படிச் செய்தால் புதிய எண்ணை டிஎன்எஸ் ஒரு நாளும் வெளியே சொல்லாது, வரலாற்று ஏட்டிலும் ஏறாது. ஏதோ கோளாறைச் சோதிக்கிறேன் என்று ஐந்து நிமிடம் சாம்பலுக்கு மாற்றினால், அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டுப் பதிவாகிவிடலாம். அப்படிப் பதிவானால் மீண்டும் எண் மாற்ற வேண்டியதுதான். சர்வருக்கு ஐபிவி6 எண் இருந்தால் அதற்கான ஏஏஏஏ ரெக்கார்டுக்கும் இதே கவனம் தேவை. பலர் இதை மறந்து விடுகிறார்கள்.

கதவைத் தட்டிப் பார்த்தல்

எண் டிஎன்எஸ்ஸில் இல்லை என்பதாலேயே யாருக்கும் கிடைக்காது என்று சொல்ல முடியாது. இன்டர்நெட்டில் உள்ள ஐபிவி4 எண்கள் அனைத்தையும் வரிசையாகத் தட்டிப் பார்த்து, எந்தக் கதவைத் திறந்தால் எந்த வெப்சைட்டின் சான்றிதழ் தெரிகிறது என்று பட்டியல் போடும் தளங்கள் இருக்கின்றன. சென்ஸிஸ் அவற்றில் ஒன்று. உங்கள் சர்வர் எல்லோருக்கும் கதவைத் திறந்தால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் வந்துவிடும். ஆகவே சர்வரின் ஃபயர்வாலில், கிளவுட்ஃப்ளேரிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் திற என்று சொல்ல வேண்டும். அதன் எண் வரிசைகளின் பட்டியல் www.cloudflare.com/ips என்ற பக்கத்தில் இருக்கிறது. உபுண்டு லினக்ஸ் சர்வரில் ஒரு வரிசைக்கான கட்டளை இது:

```
ufw allow from 173.245.48.0/20 to any port 443 proto tcp
```

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் இதைக் கொடுக்க வேண்டும். இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். போர்ட் 80, 443 இரண்டையும் எல்லோருக்கும் திறக்கும் பழைய விதி இருந்தால் அதை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிய விதிகளால் பயனே இல்லை. ஃபயர்வாலை இயக்குவதற்கு முன், நீங்கள் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் போர்ட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

சரியாகிவிட்டதா என்று வீட்டிலிருந்தே சோதிக்கலாம். விண்டோஸ் 10, 11-ல் curl என்ற புரோகிராம் கூடவே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இப்படிக் கொடுங்கள்.

```
curl -k -m 10 --resolve example.com:443:198.51.100.40 https://example.com/
```

டிஎன்எஸ்ஸைக் கேட்காதே, நான் சொல்லும் எண்ணிலேயே போய் இந்த வெப்சைட்டைக் கேள், பத்து விநாடி காத்திரு என்பது இதன் பொருள். உங்கள் முகப்புப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் வரிகள் ஓடினால் கதவு திறந்தே இருக்கிறது. பத்து விநாடி கழித்து timed out என்று வந்தால் மூடியிருக்கிறது. அதே நேரத்தில் ப்ரௌசரில் வெப்சைட் வழக்கம்போலத் திறக்க வேண்டும். வரலாற்று அட்டவணையில் வந்த பழைய எண்கள் ஒவ்வொன்றையும் இதே கட்டளையில் போட்டுப் பாருங்கள். பழைய சர்வரில் உங்கள் வெப்சைட்டின் மறந்துபோன காப்பி ஒன்று இன்னும் பதில் சொல்லிக் கொண்டிருக்கலாம். உங்கள் சொந்த வெப்சைட்டுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஃபயர்வாலே போதுமே, எண்ணை எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஃபயர்வால் இருப்பது சர்வரில். குப்பை டேட்டா அதுவரை வந்து சேரும்போதே வாடகை நிறுவனத்திலிருந்து உங்கள் சர்வருக்கு வரும் பைப் நிரம்பியிருக்கும். ஆகவே எண் தெரிந்துவிட்டால் ஃபயர்வால் மட்டும் காப்பாற்றாது. ஒரே எண்ணைப் பலர் பகிர்ந்து கொள்ளும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். அங்கே எண்ணையும் மாற்ற முடியாது, ஃபயர்வாலிலும் கை வைக்க முடியாது. வேறு சர்வருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். சொந்த சர்வர் உள்ளவர்கள் கிளவுட்ஃப்ளேர் டனல் என்ற முறையையும் பார்க்கலாம். அதில் சர்வரே வெளியே போய்க் கிளவுட்ஃப்ளேருடன் இணைப்பு ஏற்படுத்திக் கொள்கிறது. வெப்சைட்டுக்காக எந்தக் கதவையும் வெளியாருக்குத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

இந்த வேலைகள் முடிய சனிக்கிழமை நள்ளிரவு ஆகிவிட்டது. ஞாயிறு காலை பழைய எண்ணின் டிராஃபிக் படத்தைப் பார்த்தேன். கோடு இன்னும் உச்சியில்தான் இருந்தது. ஆளில்லாத வீட்டின் கதவை இடித்துக் கொண்டிருந்தார்கள். வெப்சைட் திறந்தது. அந்த வாரத்தில் போன ஆர்டர்கள் போனவைதான். மீதி நாட்களுக்கு மாமா போனிலேயே ஆர்டர் எடுத்துச் சமாளித்தார். பழைய எண்ணை மாதக் கடைசியில் வாடகை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்தோம். viewdns.info அட்டவணையில் அது இன்றும் இருக்கிறது.